அம்மா கை இடம் சுத்தும்

கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்து உக்காருங்க. கோவிச்சுக்காதீங்க, ஜாடிக்காகத்தான் சொல்றேன். பீங்கான். வாயில துணி போட்டு இறுக்கக் கட்டியிருக்கேன், ஆனாலும் இந்த டிரைவர் ஓட்டற ஓட்டுக்கு உப்புத் தண்ணி உங்க புடவையில தெறிச்சா நான் பொறுப்பில்ல. கீழ வைக்கலாமேன்னு பாக்கறீங்க. கீழ எவன் எச்சி துப்பி வச்சிருக்கானோ. ஊறுகாய் ஜாடியைப் பஸ்ஸுல கீழ வைப்பாங்களா யாராவது?

நார்த்தங்காய். வாசனை வந்திருக்குமே. இன்னும் முழுசா ஆகல. பாதி உப்புத் தண்ணியத்தான் குடிச்சிருக்கு, மீதி ஜாடியில நிக்குது. இன்னும் நல்ல வெயில் வேணும். இப்படி அரைகுறையா ஒரு ஊறுகாயை நான் வீட்டை விட்டு வெளிய எடுத்ததே இல்ல. ஆனா கூட்டம் இன்னைக்குத்தானே வச்சிருக்கா மகராசி. ஊறுகாய் ஆகற வரைக்கும் ஊர் காத்திருக்குமா?

தஞ்சாவூருக்குத்தான். மன்னார்குடியில ஏறினேன். எதுக்குன்னா, சண்டைக்கு. சிரிக்காதீங்க. நெசமாவே சண்டைக்குத்தான் போறேன்.

என் தங்கச்சி கோதை, கவிதை எழுதறா. காலேஜுல வேலை, அது போதாதுன்னு கவிதை. இன்னைக்குச் சாயங்காலம் அவ புத்தகம் வெளியிடறாங்க. புத்தகத்துப் பேரு என்ன தெரியுமா? 'அம்மாவின் கை'. எங்க அம்மா நார்த்தங்காய் போட்டதைப் பத்தி ஒரு கவிதை. அதுதான் முதல் கவிதையாம், அதுக்குத்தான் எல்லாரும் கை தட்டறாங்களாம். போன் பண்ணி, "அக்கா, நீ முன்வரிசையில உக்காரணும். உன் கையால போட்ட நார்த்தங்காய் ஒரு ஜாடி எடுத்துட்டு வரணும். வந்தவங்களுக்கெல்லாம் ஒரு துண்டு குடுக்கணும்"னா. எப்படி இருக்கு கதை? போடறது நான், சுமக்கறது நான், கைதட்டு மட்டும் அம்மாவுக்கு.

அம்மாவுக்குக் கை தட்டக் கூடாதுன்னு நான் சொல்லல. அம்மா போய் ரெண்டு வருஷம் ஆச்சு. தட்டட்டும், நல்லாத் தட்டட்டும். ஆனா நெசத்துக்குத் தட்டணும். அந்தக் கவிதையில இருக்கறது ஒண்ணு கூட நெசமில்ல. அவங்க தட்டி முடிச்சதும் நான் எழுந்து நிப்பேன். "ஐயா, பெரியவங்களே, நான் இவளோட கூடப் பொறந்தவ. பேரு செங்கமலம். இந்தக் கவிதையில இருக்கற கை எங்க அம்மா கை இல்ல"ன்னு சொல்லுவேன். மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன். வாசல் தெளிக்கும்போது சொல்லிப் பாத்தேன், பாத்திரம் கழுவும்போது சொல்லிப் பாத்தேன். எங்க வீட்டுக்காரர், "போறதுக்குப் போற, வாயை மட்டும் வீட்டுல வச்சுட்டுப் போ"ன்னாரு. அவருக்கென்ன.

இந்தாங்க, பையில புத்தகம் இருக்கு. போன வாரமே தபால்ல அனுப்பிட்டா. கண்ணாடியை மறந்துட்டு வந்துட்டேன், நீங்கதான் போட்டிருக்கீங்களே, படிங்க. முதல் பக்கம்தான். சத்தமா வேணாம், எனக்கு மட்டும் கேக்கற மாதிரி.

*அரிவாள்மனை அசையவில்லை.*
*அம்மாவின் கை மட்டும் அசைகிறது.*

நிறுத்துங்க. இது மட்டும் சரி. எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு, இந்தக் கழுதைக்கு இது எப்படித் தெரிஞ்சுதுன்னு. நார்த்தங்காய் அறுத்திருக்கீங்களா? எலுமிச்சம்பழம் மாதிரி நாலா வெட்டறது இல்ல. காயோட அடியில ஆரம்பிச்சு, சுத்திச் சுத்தி, கடைசி வரைக்கும் ஒரே துண்டா அறுக்கணும். அறுத்து முடிச்சுத் தூக்கினா சுருளா, கடிகாரத்துக்குள்ள இருக்கற வில்லு மாதிரி நிக்கணும். அந்த மடிப்புக்குள்ள உப்பை அடைக்கணும். நடுவுல அறுந்துச்சுன்னா உப்பு நிக்காது, ஒரு பக்கம் கரிக்கும், ஒரு பக்கம் கசக்கும். எல்லாரும் என்ன பண்ணுவாங்கன்னா, காயை அழுத்துவாங்க. அழுத்தினா அறுந்துச்சு. மனை நிக்கற இடத்துல நிக்குது, காய்தான் சுத்தி வரணும். கட்டை விரல் தோல் மேல இருந்துகிட்டு, உள்ள எவ்வளவு தடிமன் போகுதுன்னு பாத்துட்டே வரும். அங்க கண்ணுக்கு வேலையே கிடையாது.

இதை எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? யாரும் இல்ல. அதுதான் என் முதல் வயித்தெரிச்சல். மேல படிங்க.

*எதையும் சொல்லவில்லை அவள்.*
*ஏனென்று கேட்கவில்லை நான்.*

பாத்தீங்களா! சொல்லாமக் குடுத்தாளாம். என்னமோ கோயில் பிரசாதம் குடுத்த மாதிரி. சொல்லாமக் குடுக்கறதுன்னா என்னன்னு என்னைக் கேளுங்க. நான் பட்டிருக்கேன்.

எங்க அம்மா வாயில பேச்சு வராது. ஊருல சண்டைன்னா வரும், வயல்காரன்கிட்ட வரும், அடுப்படியில மட்டும் வராது. எனக்கு அப்ப பதிமூணு வயசு இருக்கும். எதிர்ல உக்கார வச்சு ஒரு காயைக் கையில குடுத்தா, அவ ஒண்ணை எடுத்து அறுத்தா. அவ்வளவுதான் பாடம். நான் அறுத்தேன், பாதியில அறுந்துச்சு. "ஏம்மா அறுந்துச்சு"ன்னு கேட்டேன். "அறுந்துச்சு"ன்னா. இது ஒரு பதிலா? இன்னொண்ணு குடுத்தா, அதுவும் அறுந்துச்சு. அதை வாங்கி ஓரமா வச்சா, இன்னொண்ணு குடுத்தா. திட்டவும் இல்ல, சொல்லவும் இல்ல. திட்டியிருந்தாக் கூடத் தேவலை, எங்க தப்புன்னாவது தெரிஞ்சிருக்கும்.

உப்பும் அப்படித்தான். "எத்தனை பிடிம்மா"ன்னு கேட்டா, என் கையை எடுத்து உப்புப் பானைக்குள்ள விட்டு, அவ கையால என் கையை மூடி, வெளிய எடுத்து ரெண்டு விரலை மட்டும் பிரிச்சு விடுவா. கொஞ்சம் கொட்டும். மீதியைக் காய்க்குள்ள அடைக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டுவா. காய்க்குக் காய் அந்த விரலைப் பிரிக்கறது மாறும். பெரிய காய்க்கு ஒரு விரல், சின்னக் காய்க்கு ரெண்டு. தோல் முத்தினதுன்னா பிரிக்கவே மாட்டா. இதை வாயால சொன்னா என்ன, முத்து உதிர்ந்துடுமா? பள்ளிக்கூடத்துல வாத்தியார் ஒரு கணக்கை நாலு தரம் சொல்லிக் குடுப்பாரு. பெத்தவ ஒரு தரம் சொல்லக் கூடாதா?

அப்புறம் வெயில். மூணு நாலு நாள் ஜாடியில ஊறினா தண்ணி விட்டுக்கும், பச்சைத் தோல் வதங்கும். அப்புறம் தினம் காலையில காயை எடுத்து முறத்துல வெயில்ல வைக்கணும், சாயங்காலம் திரும்ப அதே உப்புத் தண்ணிக்குள்ள போடணும். விட்ட தண்ணியை அதுவே குடிக்கணும். குடிச்சு முடிக்கற வரைக்கும் இதேதான். ஒரு நாள் மழைக்கு மறந்து நனைஞ்சுதுன்னா பூஞ்சை வந்து போயிடும், ஒரு வருஷத்து ஊறுகாய். ஈரக் கையைக் கிட்டக் கொண்டு போகக் கூடாது. நான் ஒரு தரம் கையைத் துடைக்காம உள்ள விடப் போனேன். கரண்டிக் காம்பால முட்டியில ஒண்ணு வச்சா. ஏன்னு சொல்லல. இன்னொரு நாள் அதே ஈரக் கையை விட்டு, அந்த வருஷத்து ஜாடி பூத்துப் போனப்பதான் எனக்கே புரிஞ்சுது.

இதைப் போயி அழகாக் கவிதை எழுதினா எரியுமா எரியாதா? ஏனென்று கேட்கவில்லை நான்-னு எழுதியிருக்கா. நீ கேக்கலைடி அம்மா, நான் கேட்டேன்! பதில்தான் வரல.

வடுவூர் வந்துடுச்சா? ஏரியில தண்ணி பரவாயில்ல. சரி, மேல படிங்க. இனிமேதான் பொய்யே வருது.

*வலமாய்ச் சுற்றி அவிழ்கிறது நார்த்தங்காய்.*

வலமாம்! எங்க அம்மா இடது கைக்காரி. தெருவுக்கே தெரியும். அவ கையில காய் இடமாத்தான் சுத்தும், கோயிலை எதிர்ப்பக்கமா சுத்தி வர்ற மாதிரி. அவ சுருளைப் பாத்தாலே தெரிஞ்சுடும், மத்தவங்க அறுத்த சுருளுக்கு நேர் எதிரா திரும்பியிருக்கும். எங்க அத்தை கூடக் கிண்டல் பண்ணும், "அண்ணி போட்ட ஊறுகாயைத் தின்னா நேராப் போறவன் கோணலாப் போவான்"னு. நான் வலது கை. எதிர்ல உக்காந்து பாத்தேனா, கண்ணாடியில பாக்கற மாதிரி அப்படியே பிடிச்சுக்கிட்டேன். அதனால எனக்கு வலமா வந்துச்சு. ஒரு ஜாடிக்குள்ள எங்க ரெண்டு பேரு சுருளும் கிடந்தாலும் எது யாருதுன்னு பிரிச்சு வச்சிடுவேன். பெத்த அம்மாவோட கை எந்தப் பக்கம் சுத்தும்னு தெரியாதவ கவிதை எழுத வந்துட்டா. கேக்கறவன் கேனையா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பாங்களாம்.

அவளுக்கு எப்படித் தெரியும்னும் கேக்கணும். அவளுக்கும் எனக்கும் பன்னெண்டு வயசு வித்தியாசம். அவளுக்கு நாலு வயசுல அப்பா போயிட்டாரு. அம்மா சத்துணவுக் கூடத்துக்குச் சமைக்கப் போயிட்டா. அங்க காலையில போனா மத்தியானம் தாண்டித்தான் வருவா, வந்தா வயல் வேலை. அதோட அரிவாள்மனையைத் தொடறதை விட்டுட்டா. ஊரு பிள்ளைங்களுக்கு அறுத்த கைக்கு வீட்டுல அறுக்கத் தெம்பு இருக்குமா? பத்தாவதோட என் படிப்பும் நின்னுச்சு. சோறு, துணி, ஆடு, ஊறுகாய், கோதை, எல்லாம் நான்தான்.

அப்ப இந்தக் குட்டி என் பின்னாலயே திரியும். என்னையே "அம்மா, அம்மா"ன்னு கூப்பிடும். ஒரு நாள் தண்ணிக் குழாய்கிட்ட, அத்தனை பேரு முன்னால, "அம்மா, என்னைத் தூக்கு"ன்னுது. அங்க நின்னவ ஒருத்தி வாயைப் பொத்திகிட்டு சிரிச்சா. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க, கல்யாணம் ஆகாத பொண்ணு. வீட்டுக்கு வந்ததும் வாயிலயே ஒண்ணு வச்சேன். "அக்கான்னு சொல்லு, இன்னொரு தரம் அம்மான்னா நாக்கை அறுத்துடுவேன்"னேன். அதோட நின்னுச்சு. அப்புறம் ஒரு நாளும் சொல்லல. பிள்ளையை வளக்கணும்னா சில இடத்துல கண்டிப்பா இருக்கணும், இல்லையா?

அரிவாள்மனைக்கிட்ட அவளை நான் விட்டதே இல்ல. படிக்கற பொண்ணு, கையில கீறல் விழுந்து உப்புப் பட்டா எழுத முடியுமா? பலகையைப் போட்டு என் பக்கத்துல உக்கார வச்சு, "கண்ணு புத்தகத்துல இருக்கட்டும்"பேன். இருந்துச்சு. ஒரு வார்த்தை ஊறுகாயைப் பத்தி அவ கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல. அப்புறம் பாத்தா, போன வருஷம் அவ வீட்டுக்குப் போறேன், மொட்டை மாடியில முறத்துல நார்த்தங்காய்! அறுந்தது ஒண்ணு கூட இல்ல. "எங்கடி கத்துக்கிட்ட"ன்னேன். சிரிக்கறா. அம்மா மாதிரியே, சிரிப்புதான், பதில் கிடையாது. போன்ல ஏதாவது வீடியோ பாத்துப் பண்ணியிருப்பா. இப்ப எல்லாம் அதுலதானே வருது.

இப்ப நீங்களே சொல்லுங்க. அம்மா அறுத்ததை இவ பாத்ததே இல்ல. நாலு வயசுப் பிள்ளைக்கு என்ன ஞாபகம் இருக்கும்? பாக்காததைப் பாத்த மாதிரி எழுதறது ஏமாத்து வேலையா இல்லையா? அதைத்தான் நான் எழுந்து கேக்கப் போறேன்.

என்ன அப்படிப் பாக்கறீங்க? மேல படிங்க.

*கட்டைவிரலில் பழைய பிறைத் தழும்பு.*

இங்கதான் எனக்கு ரத்தமே கொதிக்குது. எங்க அம்மாவுக்குக் கையில தழும்பே கிடையாது. சத்துணவுக் கூடத்துல அத்தனை வருஷம் வெந்தும் ஒரு பொட்டுத் தழும்பு வாங்கல. தழும்பு எனக்கு! இதோ, வலது கட்டை விரல். பாருங்க, பிறை மாதிரிதான் இருக்கு. கோதை அப்ப மூணாவது படிச்சா. நான் ஏதோ யோசனையில காயை அழுத்திட்டேன், வழுக்கிடுச்சு. ரத்தம் நார்த்தங்காய் மேலயே சொட்டுது. இவதான் ஓடிப் போயி காப்பித் தூளை அள்ளிட்டு வந்து அப்பினா. டப்பாவில இருந்த அத்தனையையும். அழுதுகிட்டே அப்பினா. அந்த மாசம் முழுக்க வீட்டுல யாருக்கும் காப்பி இல்ல.

அந்தத் தழும்பைத் தூக்கி அம்மா கையில ஒட்ட வச்சிருக்கா. என்கிட்ட இருந்து படிப்பு போச்சு, வயசு போச்சு, அதையெல்லாம் நான் கேட்டேனா? ஒரு தழும்பு, என் சொந்தத் தழும்பு, அதைக் கூடவா எடுத்து அம்மாவுக்குக் குடுக்கணும்? உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு இவதான் பள்ளிக்கூடத்துல மேடையேறிப் பேசினா. பரிசு கூட வாங்கினா. உப்பிட்டது யாருன்னு மறந்துட்டா.

சரி, முடிச்சுடுங்க. கடைசியில இன்னும் நாலு வரி இருக்கும்.

*உப்பு எரியும்போது மட்டும்*
*ஸ் என்றாள்.*
*அந்த ஒரு சொல்லில்தான்*
*அத்தனையும் படித்தேன்.*

கேட்டுக்கிட்டீங்களா? அம்மா 'ஸ்'ன்னாளாம்! பிரசவ வலியில கூடச் சத்தம் போடாத பொம்பளைன்னு மருத்துவச்சி சொல்லும். அவ போயி உப்புக்கு 'ஸ்'ன்னு சொல்லுவாளா? காய்ச்சல்ல கிடந்தப்பக் கூட ஒரு முனகல் கேட்டதில்ல நான். இப்படியா ஒரு மனுசியை… அய்யய்யோ, என்னங்க இப்படி பிரேக் போடறான்! பிடிங்க, ஜாடியைப் பிடிங்க! துணி நனைஞ்சுடுச்சு பாருங்க, தண்ணி வெளிய வந்து… ஸ்ஸ்… ஒண்ணுமில்ல, காலையில குழம்புக்குக் காய் அறுத்தப்ப விரல்ல ஒரு கீறல், அதுல உப்புத் தண்ணி. ஸ்ஸ்… எனக்கு இது பழக்கந்தான். எத்தனை வருஷமா…

ஏன் சிரிக்கறீங்க?

சிரிக்கலையா. அப்ப ஏன் என் கையவே பாக்கறீங்க?

இருங்க.

அந்த வரியை இன்னொரு தரம் படிங்க. தழும்புல இருந்து. மெதுவா.

…

இல்லங்க, அப்படி இருக்காது. நீங்க என்னமோ நினைச்சுட்டீங்க. 'அம்மாவின் கை'ன்னு அட்டையிலேயே போட்டிருக்கா, கொட்டை எழுத்துல. என்னை அவ அம்மான்னு எழுதுவாளா? நாலு வயசுலயே நிறுத்திட்டாளே. வாயிலயே ஒண்ணு வச்சேன்னு சொன்னேனே உங்ககிட்ட.

புத்தகத்துல கண்ணு இருக்கட்டும்னு சொன்னேன். இருந்துச்சுன்னுதான் நினைச்சேன்.

எவ்வளவு அழுத்தம் பாருங்க அவளுக்கு! போன்ல சொல்லக் கூடாதா? போன வருஷம் மொட்டை மாடியில நின்னுகிட்டுக் கேட்டேனே, எங்கடி கத்துக்கிட்டன்னு, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன, முத்து உதிர்ந்துடுமா? 'உன் கையால போட்டது எடுத்துட்டு வா'ன்னா. 'முன்வரிசையில உக்காரு'ன்னா. அவ்வளவுதான். மீதியை நானே கண்டுபிடிக்கணும். அம்மா ஒருத்தி போதாதுன்னு இவளும் சேந்துக்கிட்டா. என்ன ஜென்மங்களோ, ஒண்ணாவது வாயைத் திறந்து சொல்லித் தொலைக்குதா!

இல்ல, அழல. உப்புத் தண்ணி தெறிச்சுது கண்ணுல.

தஞ்சாவூர் வந்துடுச்சு போலிருக்கு. இப்ப நான் என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க. ஒரு வாரமா ஒரே வரியை மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன். 'இந்தக் கவிதையில இருக்கற கை எங்க அம்மா கை இல்ல'. அதை எழுந்து நின்னு சொன்னா, அடுத்த கேள்வி என்ன கேப்பாங்க? அப்ப யாரு கைன்னுதானே கேப்பாங்க?

முன்வரிசையில வேற உக்காரச் சொல்லியிருக்கா. அத்தனை பேரும் வரிசையா வந்து ஆளுக்கு ஒரு துண்டு வாங்குவாங்க, நான்தான் எடுத்துக் குடுக்கணும்.

ஏங்க, கையை எங்கங்க வச்சுக்கறது?